வெள்ளைச் சட்டையில் பால்பாயின்ட் மை: தேய்க்கத் தேய்க்கப் பரவுகிறது, என்ன செய்வது?

மூணாங்கிளாஸ் அம்மா · ஜூன் 15, இரவு 9.50

பையனின் வெள்ளை யூனிஃபார்ம், டெரிகாட்டன். பாக்கெட்டில் பால்பாயின்ட் பேனா ஒழுகிவிட்டது. ஸ்கூலிலேயே குழாயடியில் நின்று கையால் கசக்கியிருக்கிறான், அதில் பாதிப் பாக்கெட்டுக்குப் பரவிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நான் சானிடைசர் ஊற்றித் தேய்த்தேன். மை கொஞ்சம் வெளுத்தது, ஆனால் சுற்றிலும் ஊதா நிறத்தில் ஒரு வளையம் வந்துவிட்டது, முன்னால் இருந்ததைவிட இப்போதுதான் அசிங்கமாக இருக்கிறது. போதாக்குறைக்கு சட்டைக் கையில் கறுப்பு பர்மனென்ட் மார்க்கர் கோடு ஒன்று, அது யார் போட்டது என்று கேட்டால் பதில் இல்லை. புதன்கிழமை வெள்ளை போட்டே ஆக வேண்டும், இருப்பது ஒரே செட். இன்னும் துவைக்கப் போடவில்லை. யாராவது நிஜமாகச் செய்து பார்த்ததைச் சொல்லுங்கள்.

கொல்லைப்புறம் · ஜூன் 15, இரவு 10.15

எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கி, கல் உப்பைத் தொட்டு அழுத்தித் தேய்த்து, ராத்திரி முழுக்க மோரில் ஊற வையுங்கள். என் பிள்ளைகளுக்கு எல்லாம் அப்படித்தான் எடுத்தேன், ஒரு சொட்டு தங்காது. இந்த ஸ்பிரிட், சானிடைசர் எல்லாம் துணிக்குக் கேடு.

செக்கிங் டேபிள் · ஜூன் 15, இரவு 11.40

அம்மணி, முதலில் தேய்ப்பதை நிறுத்துங்க. சட்டையை அப்படியே நிழலில் காயப் போடுங்க. அயர்ன் பாக்ஸ் பக்கமே போகக் கூடாது, வெந்நீரும் வேண்டாம். பாலியஸ்டர் கலந்த துணியில் சூடு பட்டால் சாயம் நூலுக்குள்ளேயே இறங்கிவிடும், அதற்கப்புறம் யாராலும் முழுசாக எடுக்க முடியாது.

நான் திருப்பூரில் கார்மென்ட் ஃபினிஷிங்கில் ரொம்ப வருஷம் இருந்தவன். செக்கிங்கில் கறை பட்ட பீஸ் வந்தால் அதை ஒரு மேஜையில் வைப்போம், மேஜைக்கு அடியிலிருந்து காற்று உறிஞ்சும், மேலிருந்து ஸ்பிரே கன்னால் கரைசலை அடிப்போம். கரைந்த கறை கீழே போய்விடும், பக்கவாட்டில் ஓட அதற்கு நேரமே இருக்காது. வீட்டில் அந்த மேஜை இல்லை, ஆனால் அந்த வேலையைப் பழைய பனியன் துணி செய்யும். விஷயம் இவ்வளவுதான்: மையைக் கரைப்பது சுலபம், கரைந்த மை எங்கே போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நீங்க சானிடைசர் ஊற்றியபோது மை கரைந்தது, ஆனால் அடியில் உறிஞ்ச எதுவும் இல்லை, அதனால் பக்கத்து நூலைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டது. அந்த ஊதா வளையமும் அதனால்தான். நீல பால்பாயின்ட் மை ஒரே சாயம் கிடையாது, ஊதா, நீலம் என்று கலந்திருக்கும், அதில் வேகமாக ஓடுவது முன்னால் போய் வளையம் கட்டும்.

மெடிக்கலில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு சின்ன பாட்டில் வாங்குங்க. பாக்கெட்டை எப்படிச் செய்வது என்று நாளைக்கு எழுதுகிறேன், அது தனி வேலை. நேரமாகிவிட்டது.

ஆய்வகம் 2 · ஜூன் 16, காலை 6.30

கொல்லைப்புறம் அம்மாவுக்கு: நீங்கள் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது வேறு மைக்கு. அந்தக் காலத்து ப்ளூ பிளாக் இங்க்கில் இரும்பு உப்பு இருக்கும், காகிதத்தில் காயக் காயக் கறுத்துப்போவது அதனால்தான். இரும்புக் கறையைப் புளிப்பு பிடித்து இழுக்கும், அதனால் எலுமிச்சையும் புளித்த மோரும் வேலை செய்தன. பால்பாயின்ட் மையில் தண்ணீரே இல்லை, அது பசை போன்ற ஒரு கரைப்பானில் குழைத்த சாயமும் பிசினும். எலுமிச்சைச் சாறு பெரும்பாலும் தண்ணீர், அதற்கு இந்தப் பிசினைத் தொடவே தெரியாது. உப்பு வைத்துத் தேய்த்தால் துணி நார் எழும், மை இன்னும் உள்ளே போகும்.

கொல்லைப்புறம் · ஜூன் 16, காலை 7.05

சரிங்க டீச்சர், நான் இங்க் பேனா காலத்து ஆள்தான். ஆனால் என் மருமகள் பால்பாயின்ட் கறைக்கு டெட்டால் வைத்துத் துடைப்பாள், அது போகிறதே? அது மட்டும் எப்படி?

ஆய்வகம் 2 · ஜூன் 16, காலை 7.20

அதில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பைன் எண்ணெயும் இருக்கின்றன, இரண்டும் மையைக் கரைக்கும். கூடவே சோப்பும் இருப்பதால் அலசினால் வெளியே வரும். மருமகள் கெட்டிக்காரி. என்ன, அந்த மஞ்சள் நிறமும் வாசனையும் வெள்ளைத் துணியில் தங்காமல் நன்றாக அலச வேண்டும். ஸ்பிரிட் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு அதைத் தேட வேண்டியதில்லை.

செக்கிங் டேபிள் · ஜூன் 16, மதியம் 1.10

பாக்கெட் விஷயம். சாதாரண இடத்தில் கோடு விழுந்தால் துணியைக் கறை கீழ்ப்பக்கம் வருகிற மாதிரி பனியன் துணி மேல் கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றினால் போதும். பாக்கெட்டில் அப்படி முடியாது. பாக்கெட் துணி ஒன்று, அதற்குப் பின்னால் சட்டைத் துணி ஒன்று, இரண்டிலும் மை இருக்கும். ஒன்றைச் சுத்தம் பண்ணினால் அந்த மை அடுத்ததில் போய் உட்காரும்.

அதனால் வெள்ளை பனியன் துணியை நாலாக மடித்து பாக்கெட்டுக்குள்ளேயே திணிங்க, மூலை வரைக்கும் போகட்டும். கலர் துணி வேண்டாம், அதன் சாயம் இறங்கும். இப்போது சட்டையைப் புரட்டி, உள்பக்கத்திலிருந்து ஒற்றுங்க. சட்டைத் துணியின் மை நடுவில் இருக்கும் பனியனில் இறங்கும். அப்புறம் திருப்பி, பாக்கெட்டின் வெளிப்பக்கத்திலிருந்து ஒற்றுங்க, அந்த மையும் அதே பனியனுக்குள் போகும். இரண்டு பக்கமும் மை நடுவுக்குத்தான் போகிறது, பக்கவாட்டில் இல்லை.

ஒற்றும்போது வளையத்தின் வெளி ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வாங்க. நடுவில் ஆரம்பித்தால் மறுபடி ஒரு பெரிய வளையம் கிடைக்கும். பஞ்சு சொட்டச் சொட்ட நனைய வேண்டாம், பிழிந்தால் ஈரம் தெரிகிற அளவு போதும். பஞ்சை வைத்து ஒரு நொடி அழுத்தி எடுத்துவிட வேண்டும், இழுக்கக் கூடாது. பஞ்சில் நீலம் தெரிந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு. பனியனையும் வெளியே எடுத்துப் பாருங்க, நீலம் ஏறிய இடத்தை மடித்து உள்ளே தள்ளி, வெள்ளை இடம் மேலே வருகிற மாதிரி மறுபடி திணிக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் சோம்பல் படுவார்கள். ஒரே அழுக்கு இடத்தில் ஒற்றிக்கொண்டே இருந்தால், எடுத்த மையைத்தான் திருப்பிப் பூசிக்கொண்டிருக்கிறோம்.

பனியனில் புதிதாக நீலம் ஏறவில்லை என்றால் ஸ்பிரிட்டின் வேலை முடிந்தது. அப்போது பாத்திரம் தேய்க்கும் திரவச் சோப்பு ரெண்டு சொட்டு விட்டு, விரலால் மெதுவாகப் பிசைந்து, பச்சைத் தண்ணீரில் அலசுங்க. ஈரத்தோடு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. கறை தெரிந்தால் காய வைத்து மறுபடி முதலிலிருந்து. ஈரத் துணியில் ஸ்பிரிட் வைக்க வேண்டாம், தண்ணீர் சேர்ந்தால் ஸ்பிரிட்டின் வீரியமும் போகும், ஈரம் உள்ள இடமெல்லாம் மையும் நடக்கும். சுத்தமாகப் போனது தெரிந்த பிறகுதான் வெயில், அயர்ன் எல்லாம்.

ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்க. அடுப்போ விளக்கோ எரிகிற ரூமில் வேண்டவே வேண்டாம், ஸ்பிரிட் சட்டெனப் பற்றும்.

மூணாங்கிளாஸ் அம்மா · ஜூன் 16, மதியம் 2.25

ரொம்ப நன்றி அண்ணா. ஒரு சந்தேகம், பாக்கெட் மேல் ஸ்கூல் எம்ப்ளம் இருக்கிறது, எம்பிராய்டரி இல்லை, பிரின்ட். அதன் ஓரம் வரைக்கும் மை போயிருக்கிறது.

செக்கிங் டேபிள் · ஜூன் 16, மதியம் 3.00

பிரின்ட் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எம்ப்ளத்தின் கண்ணில் படாத ஒரு ஓரத்தில் ஈரப் பஞ்சை வைத்துப் பாருங்க. பஞ்சில் எம்ப்ளத்தின் கலர் ஏறினாலோ, விரலால் தொட்டால் பிரின்ட் பிசுபிசுவென்று இருந்தாலோ அங்கே நிறுத்திவிடுங்க. அந்த இடத்து மையோடு வாழ வேண்டியதுதான். நெயில் பாலிஷ் ரிமூவர் பற்றி யாராவது சொன்னால் எம்ப்ளம் பக்கம் விடவே விடாதீங்க, அது பிரின்ட்டையே வழித்துக்கொண்டு வரும், சில பட்டன்களையும் மங்க வைக்கும்.

ரெண்டு பொண்ணு அப்பா · ஜூன் 16, மாலை 6.40

இதே தலைப்பில் நான் தேடிக்கொண்டிருந்தேன், நல்லது. சின்னவளுடைய காலரில் பர்மனென்ட் மார்க்கரில் பெயர் எழுதினால் ஒரு மாதத்தில் மங்கிவிடுகிறது. எந்த மார்க்கர் வாங்கினால் நிற்கும்? ஸ்கூலில் சட்டை மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது.

இரட்டைவால் · ஜூன் 16, மாலை 6.55

அண்ணே, இங்கே போகாத மையைப் போக்க அழுதுகொண்டிருக்கிறார்கள், நீங்கள் போகிற மையை நிறுத்தச் சொல்கிறீர்கள். மூணாங்கிளாஸ் அக்கா பையனிடம் சொல்லி உங்கள் பொண்ணு காலரில் எழுதச் சொல்லுங்கள், ஜென்மத்துக்கும் நிற்கும்.

குளோரின் குமரன் · ஜூன் 16, இரவு 8.20

இவ்வளவு கதை எதற்கு? வெள்ளைத் துணிதானே? ஒரு பக்கெட் தண்ணீரில் அரை மூடி ப்ளீச் ஊற்றிப் போடுங்கள், பத்து நிமிஷத்தில் எல்லாம் வெளுத்துவிடும். எங்கள் ஹாஸ்டலில் இதுதான் பழக்கம். மேலே ஸ்பிரிட் கொஞ்சம் கலந்தால் இன்னும் வேகம்.

ஆய்வகம் 2 · ஜூன் 16, இரவு 8.35

தம்பி, கடைசி வரியை யாரும் செய்து பார்க்க வேண்டாம். ப்ளீச்சும் ஸ்பிரிட்டும் சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்ற கெட்ட பொருள்கள் உண்டாகும். ப்ளீச்சில் எலுமிச்சை பிழிந்தாலோ குளோரின் வாயுவே வரும், மூடிய பாத்ரூமில் அது விளையாட்டு இல்லை. இந்த இழையில் இரண்டு ஆலோசனையும் அடுத்தடுத்து இருப்பதால் சொல்கிறேன், யாராவது இரண்டையும் ஒரே பக்கெட்டில் போட்டுவிடப் போகிறீர்கள்.

ப்ளீச்சுக்குச் சாயத்தை வெளுக்க வைக்கும் குணம் உண்டு என்பது சரி. ஆனால் பிசின் அப்படியே இருக்கும், அதில் மஞ்சளோ பழுப்போ தங்கலாம்.

செக்கிங் டேபிள் · ஜூன் 16, இரவு 9.30

டெரிகாட்டனில் பாலியஸ்டர் ப்ளீச்சைத் தாங்கும், பருத்தி நூல் மெலியும். அதற்கும் மேல் ஒரு சங்கடம்: வெள்ளை யூனிஃபார்ம் பளிச்சென்று இருப்பது மில்லில் ஏற்றிய ஒரு மினுக்கால்தான், ப்ளீச் பட்ட இடத்தில் அது போய்விடும். கறை இருந்த வட்டம் மட்டும் மந்தமாகத் தெரியும், சொட்டு நீலம் போட்டாலும் சமன் ஆகாது. ஸ்பிரிட் முழுசாகப் போகும்படி அலசியபிறகு கடைசியில் லேசான நிழல் மட்டும் தங்கினால், ஆக்சிஜன் ப்ளீச் பவுடர் கிடைக்கிறது, அதை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து முழுச் சட்டையையும் ஊற வைக்கலாம். ஒரு இடத்தை மட்டும் ஊற வைக்காதீங்க.

மூணாங்கிளாஸ் அம்மா · ஜூன் 17, காலை 11.15

நேற்று ராத்திரி உட்கார்ந்தேன். முதல் தடவை பனியனை வெளியே எடுத்தபோது பயந்துபோனேன், இவ்வளவு மை உள்ளே இருந்ததா என்று. வளையம் முழுசாகப் போய்விட்டது. சட்டைத் துணி சுத்தம். பாக்கெட்டும் நல்லபடியாக வந்தது, ஆனால் கீழ் மூலையில் தையல் மடிப்புக்குள் மட்டும் நீலம் வந்துகொண்டே இருக்கிறது. துடைத்தால் போகிறது, காய்ந்ததும் மறுபடி எட்டிப் பார்க்கிறது. எம்ப்ளம் ஓரத்தில் கலர் ஏறியதால் அங்கே விட்டுவிட்டேன். இன்றைக்கு அப்படியே போட்டு அனுப்பினேன்.

செக்கிங் டேபிள் · ஜூன் 17, மதியம் 12.40

அந்த மூலையில் துணி மூன்று நாலு மடிப்பாக இருக்கும், ஒழுகிய மை எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்த் தேங்கும். வெளியிலிருந்து எவ்வளவு ஒற்றினாலும் உள்மடிப்புக்கு ஸ்பிரிட் போவது கொஞ்சம், ஆனால் உள்ளே கரைந்த மை காயும்போது ஆவி போகிற பக்கமாக வெளியே வந்துவிடும். டெய்லரிடம் கொடுத்து, பாக்கெட்டின் கீழ்த் தையலை ஒரு நாலு விரல்கடை பிரிக்கச் சொல்லுங்க. மடிப்பை விரித்து, ஒவ்வொரு மடிப்பையும் தனித்தனியாக ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி தைக்கச் சொல்லலாம். பழைய தையல் நூலிலும் மை ஏறியிருக்கும், அதையும் உருவிவிடச் சொல்லுங்க.

கையில் இருந்த மார்க்கர் கோடு என்னவாயிற்று?

மூணாங்கிளாஸ் அம்மா · ஜூன் 17, மாலை 4.50

அது பால்பாயின்ட்டைவிட வேகமாகக் கரைந்தது அண்ணா, ஆச்சரியம். பஞ்சு வைத்ததுமே கறுப்பு ஓட ஆரம்பித்துவிட்டது, அதனால் பஞ்சையும் துணியையும் அடிக்கடி மாற்றினேன். இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு நிழல்.

ஆய்வகம் 2 · ஜூன் 17, மாலை 5.30

ஆச்சரியமில்லை, பர்மனென்ட் மார்க்கர் மை ஆல்கஹாலில் கரைத்துத்தான் செய்யப்படுகிறது. அதனாலேயே அதுதான் வேகமாகப் பரவும், அதற்குப் பஞ்சுக்குப் பதில் காது குடையும் பட்ஸ் வைத்துக் கோட்டின் மேலேயே நடந்தால் நல்லது.

இன்னொரு பக்கம், வொயிட்போர்ட் மார்க்கரைச் சாதுவென்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது போர்டில்தான் சாது. வழவழப்பான பரப்பில் ஒட்டாமல் உரிந்து வருவதற்காகச் செய்த மை, துணியில் நூலுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டால் உரிய எதுவும் இல்லை. என் புடவை முந்தானைகளைப் பார்த்தால் தெரியும்.

ரெண்டு பொண்ணு அப்பா · ஜூன் 18, காலை 8.10

அப்போது என் பெரியவளுடைய மெரூன் பினஃபோரில் கறுப்பு ஜெல் பேனா. ஸ்பிரிட் வைத்தேன், பஞ்சில் கறுப்பே வரவில்லை, மெரூன்தான் வருகிறது. நிறுத்திவிட்டேன்.

செக்கிங் டேபிள் · ஜூன் 18, காலை 9.00

நிறுத்தியது நல்லது. இதை முதல் நாளே எழுதியிருக்கலாம், எந்தப் பேனா என்று தெரியாவிட்டால் முதலில் பட்ஸ் வைத்து ஒரு ஓரத்தில் சோதியுங்க. பச்சைத் தண்ணீரில் நனைத்த பட்ஸில் கலர் ஏறினால் அது ஸ்கெட்ச் பேனா அல்லது இங்க் பேனா, அதற்கு ஸ்பிரிட் தேவையே இல்லை, பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரை விட்டுச் சோப்புப் போட்டாலே பெரும்பகுதி போகும். தண்ணீரில் வராமல் ஸ்பிரிட்டில் வந்தால் பால்பாயின்ட், மார்க்கர். இரண்டிலும் வரவில்லை என்றால் ஜெல் பேனாதான் பெரும்பாலும். கறுப்பு ஜெல்லில் இருப்பது சாயம் இல்லை, கரித்தூள் மாதிரி நுண்ணிய துகள். கரைய அதில் எதுவும் இல்லை.

திரவச் சோப்பை விட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் தட்டி, பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டுத் துகளை வெளியே தள்ளப் பார்க்கலாம். புதுக் கறை என்றால் பாதிக்கு மேல் வரும். காய்ந்து போனது என்றால் நான் உறுதி சொல்ல மாட்டேன். மெரூனில் கறுப்பு தானே, தூரத்திலிருந்து தெரியாது.

ஆய்வகம் 2 · ஜூன் 18, இரவு 7.45

எல்லா ஜெல் பேனாவும் துகள் இல்லை அண்ணா, சாயம் போட்டவையும் இருக்கின்றன, அவை சோப்புக்கே கொஞ்சம் இறங்கும். அதனால் கைவிடுவதற்கு முன் சோதித்துப் பார்க்கலாம்.

செக்கிங் டேபிள் · ஜூன் 18, இரவு 8.05

நீங்க சொல்வது சரி டீச்சர். என் கைக்கு வந்தவை எல்லாம் வம்பு பிடித்தவைதான்.

பிளஸ்டூ முடிச்சவன் · ஜூன் 21, மதியம் 12.00

கடைசி நாளில் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் என் சட்டையில் மார்க்கரில் எழுதினார்கள், ஒருத்தன் இங்க் பேனாவை உதறி அடித்தான். அம்மா அதைத் துவைத்து அயர்ன் பண்ணித் தம்பிக்குக் கொடுக்கப் பார்க்கிறாங்க. எனக்கு அந்த இங்க் புள்ளிகள் மட்டும் போகணும், எழுத்து எல்லாம் அப்படியே இருக்கணும். முடியுமா?

செக்கிங் டேபிள் · ஜூன் 21, மதியம் 1.30

இங்க் பேனா புள்ளிக்குத் தண்ணீரும் சோப்பும், பர்மனென்ட் மார்க்கருக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. அதனால் முடியும் தம்பி, ஒவ்வொரு புள்ளியாக எடுத்துப் பட்ஸால் பொறுமையாக. ஆனால் அம்மா ஏற்கெனவே அயர்ன் பண்ணியிருந்தால் புள்ளியும் கொஞ்சம் பிடித்திருக்கும். யாராவது ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தால் அந்த எழுத்து மட்டும் கலைந்துவிடும், முதலில் பார்த்துக்கோ.

ரெண்டு பொண்ணு அப்பா · ஜூன் 21, மாலை 6.15

என் காலர் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை.

செக்கிங் டேபிள் · ஜூன் 21, இரவு 9.20

சொல்லியாகிவிட்டது, நீங்க கவனிக்கவில்லை. மையை எடுக்கச் சூடு கூடாது என்றேன், நிறுத்த அதே சூடுதான் வேண்டும். புதுச் சட்டையை ஒரு தடவை துவைத்துக் கஞ்சிப் பசையைப் போக்கிக் காய வையுங்க. காலருக்கு உள்ளே எழுத வேண்டாம், வியர்வையும் எண்ணெயும் படுகிற இடம், தினமும் அங்கேதான் சோப்புப் போட்டுத் தேய்ப்பார்கள். கீழ் மடிப்புக்கு உள்பக்கம் எழுதுங்க. துணிக்கென்றே விற்கிற லாண்டரி மார்க்கர் கிடைத்தால் அது. நன்றாகக் காயட்டும், ஆல்கஹால் ஈரத்தில் பெட்டி வைக்காதீங்க. அப்புறம் மேலே ஒரு துணி போட்டு, சட்டை தாங்கும் சூட்டில் அயர்ன் பண்ணுங்க.

இரட்டைவால் · ஜூன் 21, இரவு 9.35

அப்படியே பெரியவள் பெயரை அழித்துச் சின்னவள் பெயரை எழுதுவது எப்படி என்று அடுத்த வருஷம் வந்து கேட்பார் பாருங்கள்.

ரெண்டு பொண்ணு அப்பா · ஜூன் 21, இரவு 9.50

வீட்டுப்பெயரின் முதலெழுத்தை மட்டும் எழுதப் போகிறேன். இருவருக்கும் ஒன்றுதான்.